உருண்டு கிடந்தால் அது முள்ளம்பன்றி இல்லை

போன மாரிப் போகத்தில் ஓர் இரவு, பத்தரை மணியிருக்கும், மருமகன் வயல் வட்டைக்குள் இருந்து ஒரு படம் அனுப்பினான். மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் பன்றிக் காவலுக்குப் போனவன். படத்துக்குக் கீழே, "மாமா, இது முள்ளம்பன்றிதானே? வரம்புக்குப் பக்கத்தில உருண்டு கிடந்திச்சு. மறுகா என்ன செய்யிற?" என்று எழுதியிருந்தான்.

இருட்டு. போனின் பிளாஷ் வெளிச்சம் நடுவில் அடித்து, சுற்றிலும் கறுப்பு. நடுவே மண் நிறத்தில் ஏதோ ஒன்று பந்து போலக் கிடந்தது. ஓரத்தில் அவனுடைய செருப்பில் பாதி. படம் பெரிதாவதற்கு முன்பே என்னால் ஒன்றை நிச்சயமாகச் சொல்ல முடிந்தது: அது முள்ளம்பன்றி இல்லை. காரணம், முள்ளம்பன்றி உருள்வதே கிடையாது.

இந்த ஒரு விசயம் தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். மிச்சப் பாதியைத் தீர்க்க, மேலே போர்த்தியிருப்பது என்ன, மூஞ்சி எப்படி இருக்கிறது, உருண்டிருந்தால் எந்த மாதிரி உருண்டிருக்கிறது என்று மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். அழுங்கு, முள்ளம்பன்றி, முள்ளெலி மூன்றையும் படத்தில் பிரித்துவிடலாம்.

முதலில் பெயர்ச் சிக்கலை முடித்துக்கொள்வோம். நம் பக்கத்தில் அழுங்கு என்பதைத்தான் சிலர் எறும்புண்ணி என்கிறார்கள். தமிழ்நாட்டில் அலங்கு, எறும்புத்தின்னி என்றெல்லாம் சொல்வார்கள். அதில் குழப்பம் குறைவு. குழப்பம் மற்ற இரண்டில்தான். முள்ளம்பன்றி பன்றி இனம் இல்லை. எலி, அணில் எல்லாம் சேர்ந்த கொறிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. முள்ளெலியோ எலி இனம் இல்லை; அதற்கு நெருங்கிய சொந்தம் மூஞ்சூறு. எலிக்குச் சொந்தமானதைப் பன்றி என்றும், எலிக்குச் சொந்தமே இல்லாததை எலி என்றும் பெயர் வைத்திருக்கிறோம். இது போதாதென்று, வெளிநாட்டுக் கார்ட்டூன்களைத் தமிழாக்குகிறவர்கள் பலர் உள்ளங்கையளவு முள்ளெலியையும் முள்ளம்பன்றி என்றே எழுதிவிடுகிறார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் "முள்ளம்பன்றி பந்து மாதிரி உருளும்" என்று நம்புகிறார்கள். மருமகனும் அப்படி நம்பியவன்தான்.

இன்னொன்று: முள்ளெலி இலங்கைக் காடுகளில் இல்லை. தமிழ்நாட்டின் வறண்ட முட்பற்றை நிலங்களில் ஒரு வகை உண்டு. பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் காட்டில் கிடையாது. ஆகவே உன்னிச்சையில் எடுத்தேன், பொத்துவிலில் எடுத்தேன் என்று ஒருவர் அனுப்பும் படம் உண்மையிலேயே அங்கே எடுத்ததென்றால், போட்டி அழுங்குக்கும் முள்ளம்பன்றிக்கும் இடையில் மட்டும்தான். ஆனால் படம் எங்கே எடுத்தது என்பதை நாம் எப்போதும் நம்ப முடியாது. பத்துக் கை மாறி வந்த படத்துக்கு யாரோ ஒருவர் "அம்பாறையில் பிடிபட்டது" என்று தலைப்புப் போட்டிருப்பார். அதனால் மூன்றையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மேலே போர்த்தியிருப்பது

அழுங்கின் உடம்பில் முள்ளே இல்லை. இருப்பது செதில். மீன் செதில் என்று நினைத்துவிடாதீர்கள். அது மெல்லியது, ஒளி ஊடுருவுவது. அழுங்கின் செதில் நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளால் ஆன தடித்த தகடு. ஒவ்வொன்றும் ஒரு பெரிய நாணயத்தை விட அகலம், அடியில் பரந்து நுனியில் ஒடுங்கியிருக்கும். ஓட்டு வீட்டுக் கூரையில் மேல் வரிசை ஓடு கீழ் வரிசையில் இரண்டு ஓடுகள் சேரும் இடத்தை மூடுவது போல, ஒரு வரிசைச் செதில் அடுத்த வரிசையின் இடைவெளியை மூடியிருக்கும். உடம்பின் நடுப்பகுதியில் சுற்றிவர எண்ணினால் 11 முதல் 13 வரிசை வரும். எல்லாம் பெரிது பெரிதாக, எண்ணக்கூடிய அளவில் இருப்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. உடும்புக்கும் செதில் உண்டு, ஆனால் அது மணல் மணலாக, எண்ண முடியாமல் இருக்கும்.

செதில் முதுகிலும் பக்கங்களிலும் வாலிலும் கால்களின் வெளிப்புறத்திலும் மட்டும்தான். வயிறு, தொடையின் உட்புறம், முகம் எல்லாம் வெறும் தோலும் கொஞ்ச மயிரும். நம் அழுங்கின் செதில்களுக்கு இடையில் ஈர்க்கை விட மெல்லிய முரட்டு மயிர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறவர்கள் அதைக் கண்டு "முள் தெரியுதே, அப்ப முள்ளம்பன்றி" என்று முடிவு கட்டுவதுண்டு. அந்த மயிரை விட்டுவிட்டு அடியில் இருக்கும் தகட்டைப் பாருங்கள்.

முள்ளம்பன்றியிடம் இருப்பது நிஜ முள். ஆனால் உடம்பு முழுக்க ஒரே மாதிரி முள் இல்லை. முன் பாதி, அதாவது தலை, கழுத்து, தோள், முன்னங்கால் எல்லாம் கரும்பழுப்பு நிறக் கட்டை மயிர். பிடரியில் இருந்து நீளமான மயிர்கள் பின்னோக்கிச் சரிந்து ஒரு கொண்டை போல நிற்கும். நீண்ட முள்ளெல்லாம் பின் பாதியில்தான். கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பட்டை போட்ட முள், சில ஒரு அடிக்கும் மேலே போகும். அதனால் பக்கவாட்டில் எடுத்த படத்தில் முன்னால் ஒரு விலங்கும் பின்னால் ஒரு விளக்குமாறும் சேர்ந்து நடப்பது மாதிரி இருக்கும். வாலில் இருக்கும் முள் வேறு வகை: உள்ளே வெறும் குழல், நுனி வெட்டிவிட்டது போலத் திறந்திருக்கும். வாலை ஆட்டினால் கிலுகிலுப்பை போலச் சத்தம் போடும்.

முள்ளெலியின் முள் மிகக் குட்டை, இரண்டு மூன்று சென்றிமீற்றர். நெற்றி விளிம்பில் தொடங்கிப் பின்பக்கம் வரை எல்லாம் ஒரே நீளத்தில், நெருக்கமாக, தும்புக் கால்மிதி மாதிரி. முகத்திலும் வயிற்றிலும் மெத்தென்ற மயிர்.

"கறுப்பு வெள்ளைப் பட்டை இருந்தால் முள்ளம்பன்றி" என்று பலர் சொல்வார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம். முள்ளெலியின் முள்ளிலும் வெளிர் நிறமும் கரு நிறமும் மாறி மாறி வரும். நிறத்தை விட நீளம்தான் நம்பிக்கையானது. முதுகு முள்ளில் ஒன்றை எடுத்துக்கொண்டு அதே விலங்கின் தலை நீளத்தோடு ஒப்பிடுங்கள். முள் தலையை விட நீளமாக இருந்தால் வளர்ந்த முள்ளம்பன்றி. காதளவுக்குக் கூட வராவிட்டால் முள்ளெலி. படத்துக்குள்ளேயே அளவுகோல் இருக்கிறது. விலங்கு எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டிய அவசியமில்லை.

இருட்டுப் படங்களில் இன்னொரு வழி எனக்குக் கைகொடுக்கிறது. பிளாஷ் அடித்த வெளிச்சம் எப்படித் திரும்புகிறது என்று பார்ப்பேன். அழுங்கில் ஒவ்வொரு செதிலும் தனித்தனியாக மினுங்கும், துண்டு துண்டாக. முள்ளம்பன்றியில் நீட்டு நீட்டுக் கோடுகளாக மினுங்கும். முள்ளெலியில் உப்பும் மிளகும் தூவியது போலப் புள்ளி புள்ளியாக இருக்கும். அதே மாதிரி உடம்பின் வெளிக்கோட்டையும் பாருங்கள். பின்னால் கறுப்பாக இருந்தாலும் ஓரம் தெரியும். அழுங்கின் ஓரம் வாள் பல்லுப் போல முக்கோணம் முக்கோணமாக வெட்டியிருக்கும். முள்ளம்பன்றியின் ஓரத்தில் குச்சிகள் ஒன்றையொன்று குறுக்கறுத்து நீட்டிக்கொண்டிருக்கும். முள்ளெலியின் ஓரம் சுற்றிவர ஒரே அளவுச் சொரசொரப்பு.

இது தவறிப்போகும் ஒரு நேரம் உண்டு. மழைக்காலத்தில் அழுங்கு சேற்றில் புரண்டு வந்தால் செதில்களின் இடைவெளி மண்ணால் நிரம்பி, முழு உடம்பும் ஒரு மண்கட்டி போலாகிவிடும். வாட்ஸ்அப்பில் நாலு பேர் மாற்றி அனுப்பிய படத்திலும் இதே கதிதான். ஓரங்கள் கரைந்துபோய் எல்லாம் வழவழப்பாகிவிடும். அப்போது படத்தை எடுத்தவரிடமே கேட்டு மூலப் படத்தை வாங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பச் சொன்னால் சுருங்காமல் வரும்.

மூஞ்சி

மூஞ்சி தெரிந்தால் வேலை சுலபம். என்ன, தெரிய வேண்டிய நேரத்தில் இவை மூஞ்சியைத்தான் முதலில் மறைக்கும்.

அழுங்கின் தலை ஒரு புனல் மாதிரி. கண்ணில் இருந்து மூக்கு நுனி வரை ஒரே சரிவாக ஒடுங்கிப் போகும். தாடை என்று தனியாகத் தெரியாது. பல்லே இல்லாத விலங்குக்குப் பலமான தாடை எதற்கு? கறையான் புற்றைக் கிழித்து நீண்ட ஒட்டும் நாக்கை உள்ளே விட்டு எடுப்பதுதான் அதன் சாப்பாடு. வாய் கீழ்ப்பக்கமாக ஒரு சிறு பிளவு போல இருக்கும். கண் சின்னது, காது இருக்கிறதா என்று தேட வேண்டும். நெற்றி வரை செதில் வந்து அங்கே நின்றுவிடும்; அதற்குக் கீழே வெறும் தோல்.

முள்ளம்பன்றியின் மூஞ்சி நேர் எதிர். மொட்டை. முன்பக்கம் அகலமாக, வட்டமாக முடியும். மூக்குத் துளைகள் பெரியவை. இரு பக்கமும் நீண்ட மீசை. வாய் கொஞ்சம் திறந்திருந்தால் முன்னால் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று உளி போன்ற பெரிய பற்கள் தெரியும். மரவள்ளித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பல்லை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கிழங்கைத் தோண்டி, ஒரு பக்கம் உளியால் சீவியது மாதிரிக் கடித்து வைத்திருக்கும் தடத்தில் இந்த இரட்டைப் பல்லின் அளவு அப்படியே இருக்கும்.

முள்ளெலிக்கு மூஞ்சூறின் மூஞ்சி. கூர்மை, ஆனால் அழுங்கு போலப் புனல் இல்லை. உருண்ட சிறு முகத்தில் இருந்து மூக்கு மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு, வாயைத் தாண்டி வெளியே நிற்கும். நுனி ஈரமாகக் கறுத்திருக்கும். கண் உருண்டையாக, கறுப்பு மணி மாதிரி நன்றாகத் தெரியும். பார்த்தால் யாரும் "ஐயோ பாவம்" என்பார்கள். அழுங்கையும் முள்ளம்பன்றியையும் பார்த்து முதலில் யாருக்கும் அந்தச் சொல் வராது.

உருள்வது எப்படி

இனி மருமகனின் படத்துக்குக் காரணமான பகுதி.

அழுங்கு உருள்வதை நான் பாய் சுருட்டுவதோடு ஒப்பிடுவேன். தலையை நெஞ்சுக்குள் நுழைத்து, முன்னங்கால்களை அதன் மேல் மடித்து, முதுகை வளைத்து, கடைசியாக வாலைக் கொண்டுவந்து எல்லாவற்றுக்கும் மேலே சுற்றிவிடும். வால்தான் இதில் சாமானியமானது இல்லை. நம் அழுங்கின் தலையும் உடம்பும் சேர்ந்து 45 முதல் 75 சென்றிமீற்றர் என்றால் வாலே 33 முதல் 45 சென்றிமீற்றர் வரை வரும். அடியில் உடம்போடு கிட்டத்தட்ட ஒரே அகலம், தட்டை, விளிம்பு இரண்டிலும் கூரிய செதில். அந்த வால் பந்தின் வெளியே ஒரு அகலப் பட்டி போலச் சுற்றியிருக்கும். ஆகவே உருண்ட அழுங்கின் படத்தில் ஒரு சுருளைக் காணலாம்: எங்கேயோ ஒரு இடத்தில் செதில் வரிசையின் போக்கு திடீரென்று மாறும், அங்கேதான் வால் உடம்பின் மேல் ஏறுகிறது. அந்தக் கோட்டைக் கண்டுவிட்டால் வேறு எதுவும் தேட வேண்டாம். வாலைப் பிரித்து எடுக்கப் புலிக்கே கஷ்டம். தாய் அழுங்கு குட்டியை நடுவில் வைத்து அதைச் சுற்றி உருளும். அப்படியான படத்தில் சுருளுக்குள் இன்னொரு சின்ன வால் நுனி எட்டிப் பார்க்கும்.

முள்ளெலி உருள்வது முற்றிலும் வேறு வேலை. அதற்கு வால் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. அதன் முள் தோல் உடம்பை விடப் பெரிய சட்டை போலத் தளர்வாகக் கிடக்கும். அந்தத் தோலின் விளிம்பைச் சுற்றிவர ஒரு தசை ஓடுகிறது. அதை இறுக்கினால் போதும், முழுத் தோலும் கீழே இழுபட்டு, தலை கால் வயிறு எல்லாம் உள்ளே போய், வாய் மூடிவிடும். அம்மம்மா இடுப்பில் செருகிய சுருக்குப்பையைக் கயிறு இழுத்து மூடுவது போல. அதனால் உருண்ட முள்ளெலியில் சுருளும் இல்லை, பட்டியும் இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி முள், கீழ்ப்பக்கம் ஒரு சிறு மடிப்பு மட்டும். பந்தாகிய பிறகு ஒரு பெரிய விளாம்பழம் அளவுதான். பாதி உருண்டிருந்தால் நெற்றி முள் புருவத்துக்கு மேல் தொப்பி இழுத்து விட்டது போல இறங்கியிருக்கும், மூக்கு மட்டும் வெளியே.

முள்ளம்பன்றி என்ன செய்யும்? அடைக்கோழியை நெருங்கினால் அது என்ன செய்யுமோ அதையே செய்யும். இருந்த இடத்தில் சிலிர்த்து இரண்டு மடங்காகும். பின்னங்காலைத் தரையில் தட்டும், வாலைக் கிலுகிலுக்கும், முதுகை நம் பக்கம் திருப்பும். அதற்கும் போகாவிட்டால் பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ வேகமாக வந்து மோதும். முள்ளை எறியும் என்பது கதை. தோலில் தளர்வாக இருப்பதால் பட்டவுடன் கழன்று குத்திய இடத்தில் நின்றுவிடும், அவ்வளவுதான். நாய் முகத்தில் நாலைந்து முள்ளோடு விடியற்காலையில் வீட்டுக்கு வந்தால் இரவில் என்ன நடந்ததென்று கேட்கத் தேவையில்லை.

ஏமாற்றும் படம் எது என்றால், முள்ளம்பன்றி தலையைக் கீழே போட்டுக் குனிந்து பின்பக்கத்தைக் காட்டும்போது எடுத்ததுதான். சிலிர்த்த முள் அரைவட்டமாக விரிந்து தலையை மறைத்துவிடும். "பாருங்க, உருண்டிருக்கே" என்பார்கள். காலைத் தேடுங்கள். முள்ளம்பன்றி எப்போதும் காலில் நிற்கும். முள்ளுக்குக் கீழே குட்டைக் கறுப்புக் கால் தெரியும். அல்லது உடம்புக்கும் தரைக்கும் இடையில் நிழல் விழுந்திருக்கும். அழுங்கும் முள்ளெலியும் உருண்டால் கால் உள்ளே போய்விடும், பந்து நேரே தரையில் கிடக்கும்.

சரி, அந்தப் படத்துக்கு வருவோம்

மருமகனிடம் மூலப் படத்தைக் கேட்டு வாங்கினேன். முதலில் கால் தேடினேன். இல்லை. பந்தின் அடி முழுவதும் வரம்பின் ஈர மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. முள்ளம்பன்றி வெளியே.

பிறகு செருப்பு. பந்து செருப்பின் நீளத்தை விடக் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. இதில் ஒரு கவனம் வேண்டும்: கமெராவுக்குக் கிட்ட இருக்கும் பொருள் பெரிதாகத் தெரியும். செருப்பு படத்தின் கீழ் விளிம்பில், அதாவது அவன் காலுக்குக் கிட்ட, பந்து தள்ளி. ஆகவே உண்மையில் பந்து தெரிவதை விட இன்னும் பெரியதாகத்தான் இருக்க வேண்டும். விளாம்பழக் கணக்கு இங்கே செல்லாது. செருப்பு மட்டும் கிட்ட இல்லாமல் தள்ளிக் கிடந்திருந்தால் இந்தக் கணக்குத் தலைகீழாகியிருக்கும், அப்போது அளவை வைத்து ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

பெரிதாக்கிப் பார்த்தபோது நடுப்பகுதி வெள்ளையாக வெளுத்துப்போயிருந்தது. பிளாஷ் படத்தில் நடுவைப் பார்த்துப் பயனில்லை, ஓரத்துக்குப் போக வேண்டும். இடது ஓரத்தில் வாள் பல் தெளிவாக இருந்தது, ஏழெட்டு முக்கோணம் வரிசையாக. அதற்கு உள்ளே தனித்தனி மினுக்கங்கள். வலது பக்கத்தில் செதில்கள் மேலிருந்து கீழே போய்க்கொண்டிருந்தவை ஓரிடத்தில் குறுக்கே திரும்பியிருந்தன. வால் பட்டி. அதன் கீழே சேறு அப்பிய மங்கலான ஒரு மூலை. அங்கே மூன்று நான்கு மயிர் நீட்டிக்கொண்டிருந்தது. அவன் "முள்" என்று நினைத்தது அதைத்தான்.

"அழுங்கு. தொடாத. டோர்ச்சை அணைச்சிட்டு வாடிக்குப் போ. பத்து நிமிசம் கழிச்சுத் தூரத்தில நிண்டு பார்" என்று எழுதினேன்.

"கடிக்குமா மாமா?"

"பல்லே இல்ல. ஆனா பயந்து கிடக்கு. நீ நிண்டா அது விரியாது."

அழுங்கின் துரதிர்ஷ்டம் அதில்தான் இருக்கிறது. புலியிடம் காப்பாற்றும் அந்தப் பந்தை மனிதன் சும்மா தூக்கிச் சாக்கில் போட்டுக்கொள்ளலாம். இறைச்சிக்கும் செதிலுக்கும் பிடிக்கிறார்கள். 2017 முதல் எல்லா வகை அழுங்கின் பன்னாட்டு வணிகமும் தடை செய்யப்பட்டிருக்கிறது. இலங்கையிலும் அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதனால் அடையாளம் கேட்டு யாருக்காவது படம் அனுப்புவதாக இருந்தால் எந்த வட்டை, எந்த வாய்க்கால் என்று எழுதாதீர்கள். போனில் இட விவரம் பதியும் வசதி இருந்தால் அதையும் நிறுத்திவிட்டு எடுங்கள். கோப்பாக அனுப்பும்போது படம் தெளிவாகப் போவது போலவே இட விவரமும் சேர்ந்து போகும். மருமகனிடம் கோப்பாகக் கேட்டபோது இது எனக்கு ஞாபகம் வரவில்லை. மறுநாள்தான் உறைத்தது.

இன்னொரு படத்தையும் சொல்ல வேண்டும், அதில் நானே சறுக்கினேன். அக்கரைப்பற்றுப் பக்கத்து நண்பர் ஒருவர் அனுப்பியது. கச்சான் தோட்டத்து வேலியோரம், உள்ளங்கை இரண்டு சேர்ந்த அளவில் ஒரு குட்டி. முதுகில் குட்டை முள், வெளிர் பட்டைகளோடு. முள்ளைத் தலையோடு ஒப்பிட்டேன். தலையை விடக் குட்டை. "இது முள்ளெலி, யாரோ வளர்த்தது தப்பி வந்திருக்கும்" என்று எழுதிவிட்டேன். வேறு நாடுகளில் முள்ளெலியைக் கூண்டில் வளர்க்கிறார்களே, அது என் தலையில் இருந்தது.

பத்து நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்தபோதுதான் மூஞ்சி கண்ணில் பட்டது. மொட்டை மூஞ்சி. மூக்கு வாயைத் தாண்டி நீளவில்லை. முன்னங்கால் தோளில் இருந்து தலை வரை முள்ளே இல்லை, கறுத்த மயிர்தான். அது முள்ளம்பன்றிக் குட்டி. பிறக்கும்போதே கண் திறந்து, முள்ளோடுதான் பிறக்கும். அந்த முள் முதலில் மென்மையாக இருந்து பிறகு இறுகும், நீளம் வளர வளரத்தான் வரும். ஆகவே நான் மேலே சொன்ன நீளக் கணக்கு வளர்ந்த விலங்குக்குத்தான் செல்லும். குட்டியென்று சந்தேகம் வந்தால் முள்ளின் நீளத்தை விட்டுவிட்டு, முள் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். முள்ளெலிக்கு நெற்றியிலேயே தொடங்கும். முள்ளம்பன்றிக்குக் குட்டியிலும் முன் பாதி மயிர்தான். கூடவே மூஞ்சி கூரா மொட்டையா என்பது வயதோடு மாறாது.

நண்பரிடம் ஒத்துக்கொண்டேன். "தாய் பக்கத்தில எங்கயாவது நிக்கும், வேலிக்குப் பக்கத்தில நாயை விடாதீங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, "தாய் நிக்குது எண்டு எனக்குத் தெரியும். போன கிழமை அரைப் பாத்தி மரவள்ளியைத் திண்டது ஆர் எண்டு நினைச்சீங்க?" என்றார்.

மருமகனின் அழுங்கு அன்றிரவு விரிந்ததா என்று காலையில் கேட்டேன். அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தானாம், பந்து இல்லை. வரம்பின் மறுபக்கத்தில் கறையான் புற்றொன்று பக்கவாட்டில் பிளந்து, புது மண் சரிந்து கிடந்தது. அதையும் படம் எடுத்து அனுப்பியிருந்தான். இந்த முறை பக்கத்தில் செருப்பை முழுதாக வைத்திருந்தான்.